யார் காதில் இருந்த மைக்

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்தது. சரியாக வைத்தியம் பார்க்கவில்லை, போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் எல்லோரும் கடைசிவரை அந்தக் காதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இடது காது நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசினால் அது வரைக்கும் கேட்கும்.

நான் செங்கம் ரோட்டில் ஒரு ரூம் புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஜூஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆசிரமத்தைச் சுற்றி இருக்கிற பல கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வரும் போன்களை நாங்கள் எடுப்போம். எந்த வீட்டில் ரூம் காலி, கீழ் ரூமா மாடியா, வெந்நீர் வருமா, கிரிவலம் முடித்துவிட்டு விடியற்காலையில் வந்தால் கேட் திறப்பார்களா, இதெல்லாம் சொல்லி புக் பண்ண வேண்டும். பெங்களூரில் இருந்து கூப்பிடுவார்கள், ஆந்திராவில் இருந்து கூப்பிடுவார்கள், வெள்ளைக்காரர்கள் கூப்பிடுவார்கள். தமிழ், தெலுங்கு, உடைந்த இங்கிலீஷ், மூன்றையும் வைத்து நான் சமாளிப்பேன். வேலை எனக்குப் பிடிக்கும். போனில் யாரும் என் காதைப் பார்க்க முடியாது, அதுவும் ஒரு காரணம்.

அங்கே மொத்தம் மூன்று பேர். நான். எனக்கு மேலே சூப்பர்வைசர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், அக்கா என்றால் பதில் வராது. அப்புறம் ஓனர். அவர் பாதி நேரம் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு பைக்கில் சுற்றிக்கொண்டிருப்பார்.

முதலில் எங்களிடம் ஒயர் வைத்த ஹெட்செட் இருந்தது. அது அறுந்தது. அதற்குள் ஆபீஸ் போனையும் ஓனர் மாற்றிவிட்டார், புதுப் போனில் ஒயர் சொருகும் ஓட்டையே இல்லை. அதனால் காதில் வைக்கிற ஒயர் இல்லாத பட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்தார். சோப்பு டப்பா மாதிரி ஒரு சின்ன கேஸ், உள்ளே இடது ஒன்று, வலது ஒன்று. கேஸைத் திறந்து எடுத்தால் தானாகவே போனோடு சேர்ந்துகொள்ளும். திரும்ப கேஸில் வைத்தால் அணைந்துவிடும். கையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கலாம். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன்.

நான் இடதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். வலது கேஸிலேயே கிடக்கும். கேட்காத காதில் எதற்கு அடைப்பு?

பிரச்சனை செக்கிங்கில் ஆரம்பித்தது.

நான் எப்படிப் பேசுகிறேன் என்று மேடம் அவ்வப்போது செக் பண்ண வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று தனி மெஷின் வைத்திருப்பார்களாம், எங்களிடம் என்ன இருக்கிறது? அதனால் மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். என் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கேஸைத் திறந்து வலது பட்ஸை எடுத்துத் தன் வலது காதில் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் கேஸை என் பக்கம் தள்ளுவார், நான் இடதை எடுத்துக்கொள்வேன். கூப்பிடுகிறவர் பேசுவது இரண்டு பேர் காதிலும் விழும். நான் பேசுவதைப் பக்கத்தில் இருந்து நேராகவே கேட்டுக்கொள்வார். போனில் ரெக்கார்டிங்கும் ஓடும். சாயந்திரம் அந்த ரெக்கார்டிங்கை ஓனர் போட்டுக் கேட்பார்.

கேட்க நல்ல ஏற்பாடு மாதிரிதான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் மேடம் பக்கத்தில் உட்கார்ந்த நாளெல்லாம் கூப்பிடுகிறவர்கள் ஒரே பாட்டுப் பாடினார்கள். ஹலோ, ஹலோ, கேக்கலைங்க. எங்கேயோ தூரமா இருக்கீங்களா? கொஞ்சம் சத்தமா பேசுங்க. ஒரு அம்மா ஓசூரில் இருந்து கூப்பிட்டது, அப்பாவுக்கு முட்டி வலி, கீழ் ரூம்தான் வேண்டும் என்று. நான் இருக்கிறது இருக்கிறது என்று கத்திக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா "இல்லியா? சரி விடுங்க" என்று வைத்துவிட்டது. ரூம் காலியாகத்தான் இருந்தது. சாயந்திரம் ரெக்கார்டிங்கில் என் குரல் ஈரத் துணியைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. வார்த்தையின் தலை இருக்கும், வால் இருக்காது. நடுவில் ஒன்றுமே இருக்காது.

ஓனர் கேட்டார். மேடம் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா. காது கம்மியா கேக்கறவங்களுக்குத் தன் சத்தம் தனக்குத் தெரியாது. அது இயற்கை" என்றார் ஓனர்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் இன்னொரு தடவை செக் பண்ணுவோம் என்றார். அதிலும் இப்படியே இருந்தால் போன் சீட்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார். எனக்குக் கெஸ்ட் ஹவுஸ் பெட்ஷீட், தலையணை உறையெல்லாம் எண்ணி சலவைக்கு அனுப்பி வாங்குகிற வேலை. அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் எனக்குப் பேசத் தெரியும். பேசுகிற வேலையில் இருந்து காதைக் காரணம் காட்டி என்னை இறக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்று காரணம் உண்மையாக இருக்க வேண்டும், இல்லை நான் இறங்க மாட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் போய்ச் சேருகிறவரை இதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்து நான் செய்தது என்னையே சந்தேகப்பட்டது. அதையும் சொல்ல வேண்டும். ஓனர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கேட்கிற ஒரே காதில் பட்ஸை அடைத்துவிட்டால் என் குரல் எனக்கு வெளியிலிருந்து வராது, மண்டைக்குள்ளேயே கொழகொழவென்று முழங்கும். நீங்களும் இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு பேசிப் பாருங்கள், தெரியும். உள்ளே பெரிதாகக் கேட்பதால் நாம் நம்மை அறியாமல் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். இரண்டு காதும் கேட்கிறவர்கள் ஒரு பட்ஸ் மட்டும் போட்டால் இன்னொரு காது திறந்திருக்கும், அதில் தன் குரலைக் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

அதனால் வீட்டில் பழகினேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தொண்டையில் கையை வைத்து, எவ்வளவு அதிருகிறது என்று பார்த்து, அந்த அளவிலேயே பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன சண்டையா என்று எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் மேடம் வருவதற்கு முன் ஆபீசில் உட்கார்ந்து, இடது பட்ஸைப் போட்டுக்கொண்டு, என் தங்கச்சிக்குப் போன் அடித்தேன். அவள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். தண்ணி பாட்டில், பிஸ்கட், சுக்கு காபி. வாய் நீளம், ஆனால் பொய் சொல்ல மாட்டாள்.

"எப்படிடி கேக்குது?"

"நல்லாத்தான் கேக்குது. ஏன் கத்தற? நான் இன்னா செவுடா?"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் சிரித்துவிட்டேன். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வராது.

பழகின அளவிலிருந்து குறைத்து, சாதாரணமாகப் பேசிப் பார்த்தேன். அதுவும் நன்றாகக் கேட்கிறது என்றாள். நேரில் பேசுவதற்கும் இதற்கும் குரல் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, தகரத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு என்றாள். அந்தத் தகர மாற்றம் எல்லோருக்கும் உண்டு. பட்ஸில் பாட்டுக் கேட்கும்போது போனில் இருந்து சத்தம் ஒருவழியாக வந்தால் போதும், அதனால் நிறைவாக வரும். கால் என்றால் சத்தம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். அதனால் போனும் பட்ஸும் கால் பேசுகிற முறைக்கு மாறிக்கொண்டு குரலை ஒடுக்கி அனுப்பும். மைக்கும் வாய்க்குப் பக்கத்தில் இல்லை, காதில் இருக்கிறது. வித்தியாசமாகத்தான் இருக்கும். ஆனால் வித்தியாசமாக இருப்பது வேறு, கேட்காமல் போவது வேறு.

ஆகத் தனியாகப் பேசினால் சரி. மேடம் உட்கார்ந்தால் சரியில்லை. இதை ஓனரிடம் சொன்னேன்.

பயம் என்றார். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் தொண்டை அடைக்கிறது என்றார். மேடமும் ஆமாம் என்றார். செட்டில் ஒன்றும் கோளாறு இல்லையாம், அதில் அவர் பாட்டுப் போட்டுக் கேட்டாராம், அருமையாக இருந்ததாம். பாட்டு கேட்பது ஸ்பீக்கர். என் குரலை எடுப்பது மைக். இரண்டும் வேறு வேறு. அப்போது எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை என்று சொல்லத் தெரிந்தது, சொன்னேன். அது ஓனருக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த முறுக்கு வந்தது.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. போன் விடாமல் அடிக்கிற நேரம். சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது. கடைசி செக்கிங் என்று மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல முதலில் தன்னுடையதை எடுத்துக் காதில் வைத்தார், கேஸை என் பக்கம் தள்ளினார். சித்தூரில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். நல்ல மரியாதையான மனிதர். நான் ரூம் விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் ஹலோ ஹலோ என்கிறார். நான் தொண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கூட்டினேன். அவர் சொன்னார்.

"மேடம், நீங்க பேசறது கேக்கல. ஆனா நீங்க இன்னாவோ கடிச்சிச் சாப்பிடறது மட்டும் நல்லா கேக்குது. சாப்ட்டு முடிச்சிட்டே பேசுங்க, நான் வெய்ட் பண்றேன்."

நான் எதையும் சாப்பிடவில்லை. காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு காது கேட்காது, இன்னொரு காதில் அடைப்பு, அறையில் என்ன சத்தம் நடந்தாலும் எனக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன்.

மேடம் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். மடியில் பேப்பர் பொட்டலம். கடவாயில் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடவாய்க்கு மேலே வலது பட்ஸ்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. என் வாய் போன் பக்கம் இருக்கிறது, கேட்கவில்லை. அவர் தாடை இரண்டு முழம் தள்ளி இருக்கிறது, சித்தூர் வரை கேட்கிறது. அப்படியென்றால் சித்தூர்க்காரர் கேட்பது என் காதில் இருக்கிற மைக்கை அல்ல.

"மேடம், முறுக்க கீழ வைங்க" என்றேன்.

"ஏன், நான் சாப்பிடறதுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார். அதுவும் சித்தூருக்கு நன்றாகக் கேட்டது. அந்த மனிதர் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அப்போதே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கத்தினால் காது கேட்காதவள் சத்தம் போடுகிறாள் என்பார்கள். எனக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிய வேண்டும், அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பது என்று முடிவு பண்ணினேன்.

மேடம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு பட்ஸையும் கேஸில் வைத்து மூடினேன். அவர் செய்கிற மாதிரியே செய்தேன். முதலில் வலதை எடுத்து அவர் நாற்காலியில் வைத்தேன். அப்புறம் இடதை எடுத்து என் காதில் போட்டேன். தங்கச்சிக்கு அடித்தேன்.

"இன்னாக்கா, கெணத்துக்குள்ள இருந்து பேசறியா?"

"வைக்காத. நான் இப்ப ஒண்ணு சொரண்டுவேன். கேக்குதான்னு மட்டும் சொல்லு."

என் காதில் இருந்த பட்ஸை, மைக் ஓட்டை இருக்கிற இடத்தில் நகத்தால் சுரண்டினேன். எனக்குத் தலைக்குள் கரகரவென்று இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். நாற்காலியில் கிடந்த வலதைச் சுரண்டினேன்.

"ஐயோ, இன்னாக்கா அது, காதே போச்சி" என்றாள்.

வலதை எடுத்து கேஸில் வைத்து மூடினேன். லைன் ஒரு கணம் வெற்றாக இருந்தது. மறுபடி இடதைச் சுரண்டினேன். கேட்கிறது என்றாள். பேசினேன். "இப்பத்தான் வந்துட்ட" என்றாள்.

அதோடு விடவில்லை. ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்பார்கள். எல்லாவற்றையும் கேஸில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை இடதை முதலில் எடுத்தேன், வலதை அப்புறம். சுரண்டினால் இடதுதான் கேட்டது, வலது கேட்கவில்லை. திருப்பிச் செய்தேன், வலதை முதலில். வலதுதான் கேட்டது. தங்கச்சி கடையில் ஆள் நிற்கிறார்கள், சுக்கு காபி பொங்குகிறது, உனக்குப் பைத்தியமா என்றாள். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அவளைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு பட்ஸிலும் மைக் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கால் பேசாது. கேஸில் இருந்து எது முதலில் வெளியே வந்து போனைப் பிடிக்கிறதோ அதுதான் தலை. கால் பேசும்போது அதன் மைக்தான் வேலை செய்யும். இன்னொன்று கேட்பதற்கு மட்டும். தலையை கேஸில் போட்டால்தான் பொறுப்பு மற்றதற்குப் போகும். எங்கள் செட் அப்படி. வேறு செட்டுகளில் எந்தப் பக்கத்து மைக் என்று போன் செட்டிங்கில் நாமே மாற்றிக்கொள்ளலாம், சிலது காதில் இருக்கிறதா இல்லையா என்று தானே பார்த்து மாற்றிக்கொள்ளும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்களுடையது அவ்வளவு விவரமானது இல்லை. யார் காதில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

ஒரே ஆள் ஒன்றைப் போட்டு ஒன்றைக் கேஸில் வைத்தால் எந்தப் பிரச்சனையும் இல்லை. ஒரு ஜோடியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டதுதான் வினை. மேடம் மேலதிகாரி, அதனால் எப்போதும் முதலில் எடுப்பார். எப்போதும் அவருடையதுதான் தலை. அதுவும் வலது காதில், என் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம். அவர் தலையைச் சுற்றிக்கொண்டுதான் என் குரல் அங்கே போக வேண்டும். அதற்கு மேலே இன்னொன்று. இந்த மைக் பக்கத்தில் இருக்கிற வாயைத்தான் குரல் என்று எடுக்கும். தள்ளி இருந்து வருவதை எல்லாம் ஃபேன் சத்தம், பஸ் சத்தம் மாதிரி இரைச்சல் என்று வெட்டும். என் குரலை அது இரைச்சல் என்று வெட்டியிருக்கிறது. அதனால்தான் வார்த்தைக்கு வால் இல்லாமல் போனது. நான் கத்தக் கத்த அது வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதெல்லாம் புரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ரூம் இருந்தும் இல்லை என்று நினைத்து அந்த ஓசூர் அம்மா எங்கே போய் நின்றதோ. நான் எத்தனை நாள் தொண்டையில் கை வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி பேசியிருக்கிறேன்.

ஓனர் பைக் சத்தம் கீழே கேட்டது. மேடமும் சாப்பிட்டு வந்துவிட்டார். காலை செக்கிங்கைப் பற்றி மேடம் முன்பே போனில் சொல்லிவிட்டார் போல, ஓனர் வந்ததும், பெட்ஷீட் வேலையை நாளையிலிருந்து பார்த்துக்கொள் என்று ஆரம்பித்தார். புது ஆளை வரச்சொல்லிவிட்டாராம். கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன்களிடமும் சொல்லியாகிவிட்டதாம், இந்தப் பொண்ணுக்குக் காது பிரச்சனை, அதனால் மாற்றுகிறோம் என்று.

"சார், நீங்க கீழ போங்க. ஜூஸ் கடை தாண்டி நில்லுங்க. நான் ஆபீஸ் போன்ல இருந்து உங்களுக்கு அடிக்கறேன். கேட்டுட்டு அப்புறம் மாத்துங்க" என்றேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"போங்க சார்."

நான் சொன்ன விதத்தில் அவர் போய்விட்டார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம், நீங்கள் எப்பவும் செய்கிற மாதிரி முதலில் எடுத்துக் காதில் போடுங்கள் என்றேன். போட்டார். நான் அப்புறம் போட்டேன். ஓனருக்கு அடித்தேன். ரூம் விவரம் சொன்னேன், சாதாரணக் குரலில். என்னம்மா, ஒன்றும் கேட்கவில்லையே, இதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார். மேடம் முகத்தில் பார்த்தாயா என்று இருந்தது.

"மேடம், இப்ப நீங்க மெதுவா எதனா பேசுங்க."

"இன்னா பேசறது?"

அவ்வளவுதான் சொன்னார், முணுமுணுப்பாக. ஓனர் அந்தப் பக்கம் இருந்து, "மேடம் குரல் பக்கத்துல கேக்குதே" என்றார்.

நான் என் காதில் இருந்ததைச் சுரண்டினேன். என்ன கேட்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மேடத்திடம், உங்கள் காதில் இருப்பதை நகத்தால் சுரண்டுங்கள் என்றேன். அவர் அரை மனதோடு சுரண்டினார். ஓனர் போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டார் போல, கொஞ்ச நேரம் ரோட்டில் பஸ் போகிற சத்தம்தான் வந்தது.

அப்புறம் மேடத்தின் பட்ஸை வாங்கி கேஸில் போட்டேன். அதே சாதாரணக் குரலில் அதே ரூம் விவரத்தைத் திரும்பச் சொன்னேன். கீழ் ரூம் ஒன்று காலி இருக்கிறது, வெந்நீர் உண்டு, விடியற்காலையில் வாட்ச்மேன் கேட் திறப்பார். ஓனர் லைனை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். ஆபீஸ் போனில் இருந்து தன் செல்லுக்கு அடித்து அதைக் காதில் வைத்துக்கொண்டு, பட்ஸை வரிசை மாற்றி மாற்றி எடுத்து, மேடத்தைப் பேச வைத்துப் பார்த்தார். அவர் முடிக்கிறவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

மேடம்தான் முதலில் பேசினார். செட் அப்படி என்று எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன வேண்டுமென்றா செய்தேன் என்றார். வேண்டுமென்று செய்ததாக நானும் நினைக்கவில்லை. சொன்னேன், நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், உங்கள் காதுக்கு நேராகவே என் குரல் கேட்டது இல்லையா, நான் சத்தமாகத்தான் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா? ரெக்கார்டிங்கில் வேறு மாதிரி இருந்தால், நேரில் நன்றாகத்தானே பேசினாள் என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?

மேடம் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஓனர் சமாதானமாகப் பேசினார். சரி, செட் பிரச்சனைதான், விட்டுவிடு, இனிமேல் நீ முதலில் எடு, மேடம் அப்புறம் எடுக்கட்டும், புது ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், நீயே போனில் இரு என்றார். அவருக்கு அதோடு முடிந்துவிட்டது.

"எனக்கு இன்னும் முடியல சார்" என்றேன். "காதுதான் காரணம்னு வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியிருக்கீங்க. அது இல்லன்னு அதே மாதிரி சொல்லணும்."

"வாட்ச்மேன்கிட்ட எல்லாம் போய் இன்னான்னு சொல்றது?"

"முன்ன எப்படிச் சொன்னீங்களோ அப்படித்தான்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பௌர்ணமி நேரத்தில் ஒரு போனை விட்டால் ஒரு ரூம் போச்சு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

அவர் தன் செல்லை எடுத்து முதல் கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேனுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். போட்டார்.

"அந்தப் பொண்ணு போன்லயே இருக்கும்பா. காதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நாங்க செட்டத் தப்பா யூஸ் பண்ணிட்டோம்."

வாட்ச்மேன் சரி சார் என்றார், ரூம் சாவி ஒன்றைப் பற்றி ஏதோ கேட்டார். அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அது போதும். மிச்சம் இருக்கிற இடங்களுக்கும் அவர் அடித்தார், ஒவ்வொன்றாக, நான் கேட்கும்படி.

அதற்கப்புறம் போனில் வந்த கால்களின் லிஸ்ட்டில் ஓசூர் நம்பரைத் தேடி எடுத்து நானே அடித்தேன். அந்த அம்மா வேறு இடத்தில் மாடி ரூம் எடுத்துவிட்டது, அப்பா படி ஏற முடியாமல் என்ன செய்வார் என்று புலம்பிக்கொண்டிருந்தது. கீழ் ரூம் இருக்கிறது, வரலாம் என்றேன். ஒரே தடவையில் கேட்டது, வருகிறேன் என்றது. பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அடுத்த போன் அடித்தது.